காலியாக விடக்கூடாத கட்டம்: மருத்துவப் பதிவேட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவப் பதிவேட்டுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

பழைய கேஸ் ஷீட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று வரிகள் இருக்கின்றன. தேதி, நேரம் கட்டங்களைக் காலியாக விடக்கூடாது. தெளிவில்லாத இடத்தில் தட்டச்சு செய்பவர் தன் கணிப்பில் பொருத்தமானதைப் போடலாம். எல்லாம் ஏற்றி முடிந்ததும், தாளில் உள்ளதை அப்படியே அடித்துவைக்கும் ‘எழுதியபடி’ என்ற பத்தியை நீக்கிவிட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் வார்டு நர்ஸ். பல வருஷம் நைட் டூட்டி பார்த்தவள். முட்டி வலி காரணமாக இப்போது பதிவேட்டு அறையில் வேலை. நோட்ஸ் எழுதிய கையும் இதுதான், இன்று அதைப் படித்துத் திகைக்கும் கண்ணும் இதுதான். ஆகவே வார்டில் எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் எழுதி முடிந்த தாளை இனி யாரும் திருத்தி எழுத முடியாது. அதை எப்படிப் படிப்பது என்பது மட்டுமே இப்போது நம் கையில் இருக்கிறது.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் கேஸ் ஷீட் அது. அறுவை நடந்தது 2024 பிப்ரவரி 28. டிஸ்சார்ஜ் மார்ச் 11. ஒரு புகாரின் பேரில் அதை மறுபடி பார்த்தபோது, கணினியில் ஏறியிருந்த வரிசை இப்படிச் சொன்னது: மார்ச் 4 பகல் 12.15-க்கு நோயாளிக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல் 102.4, மார்ச் 5 நள்ளிரவு 12.40-க்குத்தான் டாக்டர் வந்து பார்க்கிறார். இடையில் 12 மணி 25 நிமிடம். அன்று டூட்டியில் இருந்த என் சக நர்ஸிடம் விளக்கம் கேட்டு மெமோ போனது.

அவர் அன்று பகலில் வேலையிலேயே இல்லை. நைட் டூட்டி.

நான் அசல் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் தாளின் முன்பக்கத் தலைப்பில் ‘4/3’ என்று இருந்தது. அதை ஒட்டி, நைட் டூட்டி என்பதற்கு ‘என்.டி.’ என்று எழுதியிருந்த இடத்தில்தான் கோப்பில் கோப்பதற்கு ஓட்டை போட்டிருந்தார்கள். என் என்ற எழுத்தின் ஒரு கால் மட்டும் மிச்சம். கீழே மூன்றே வரி. 8.15, டூட்டி ஏற்றது. 10, ரத்த அழுத்தம் 110/70, காய்ச்சல் இல்லை. 12.15, நடுக்கம், காய்ச்சல், டூட்டி டாக்டரிடம் சொன்னது. பின்பக்கம் 1.10-ல் தொடங்குகிறது. முன்பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் ஒருவர், பின்பக்கத்தைச் செய்தவர் வேறொருவர். முதலாமவர் 8.15, 10, 12.15 என்று பார்த்ததும் காலை, முற்பகல், நண்பகல் என்று போட்டுவிட்டார். தவறு என்று சொல்லமுடியாது. ஓட்டையைத் தாண்டிப் பார்க்காதவர் யாரும் அப்படித்தான் படிப்பார்.

அது இரவு என்று எப்படி உறுதிசெய்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் ‘கணிப்பு’ என்று எழுதியிருக்கும் சொல்லுக்கும் இந்த வேலைக்கும் உள்ள தூரம் அதில்தான் தெரியும்.

முதலில், ‘4/3’ மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? அனுமதித்த நாளுக்கும் டிஸ்சார்ஜ் நாளுக்கும் நடுவில் விழுவது மார்ச் 4 மட்டும்தான். அது தீர்ந்தது. அடுத்து, அதே 4/3 தேதியிட்ட ஆறாம் தாளில் பகல் டூட்டி நர்ஸின் நோட்ஸ் தனியாக இருக்கிறது. வேறு கையெழுத்து. அதில் ‘12 நூன்’ என்று தெளிவாக எழுதி, வெப்பம் 98.4 என்று போட்டிருக்கிறார். ஒரே ஆளுக்கு நண்பகலில் 98.4, கால் மணி கழித்து 102.4, அதையும் அந்த வார்டில் டூட்டியே இல்லாத ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் எங்கோ இடறுகிறது. ஒரே நாளின் ஒரே பொழுதுக்கு இரண்டு தாள் ஓடுகிறது என்றால், ஒன்று அந்தப் பொழுதுடையது அல்ல. இது நான் கண்ட மிக நம்பகமான அடையாளம். மூன்றாவதாக, லேபில் அச்சான ரசீது. பிளட் கல்ச்சர் சாம்பிள் வந்து சேர்ந்த நேரம் 05-03-2024 01:05. கையால் எழுதியது அல்ல, இயந்திரம் அடித்தது. ஆக 10 மணிக்குக் காய்ச்சல் இல்லை, அதற்குப் பிறகு காய்ச்சல், அதற்குப் பிறகு சாம்பிள், அது லேபில் 01:05. நடுவில் நிற்கும் 12.15-க்கு நள்ளிரவைத் தவிர வேறு இடமில்லை. தலைப்பில் 4/3 என்று இருந்தாலும் அந்த வரியின் தேதி மார்ச் 5. நைட் டூட்டியில் தலைப்புத் தேதியை நாங்கள் 12 மணிக்கு மாற்றுவதில்லை. ஒரு டூட்டி, ஒரு தேதி. வார்டில் அது பழக்கம். கணினி வரிசையில் அது 24 மணி நேரப் பிழை.

உண்மையான இடைவெளி 25 நிமிடம்.

டாக்டர் தாளுக்கு வருவோம். அங்கே தேதியே இல்லை. ‘பி.ஓ.டி. 5, 12.40 ஏ.எம்.’ என்று மட்டும். அறுவைக்குப் பிந்தைய ஐந்தாம் நாள். தட்டச்சு செய்தவர் அதை மார்ச் 5 என்று போட்டிருந்தார். விடை சரி. ஆனால் அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியைக் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. 28-ஐப் பூஜ்யமாக வைத்து, அடுத்த நாள் மார்ச் 1 என்று எண்ணியிருக்கிறார். 2024-ல் பிப்ரவரிக்கு 29 நாள். சரியாக எண்ணினால் ஐந்தாம் நாள் மார்ச் 4. அறுவை நாளையே முதல் நாள் என்று எண்ணும் யூனிட்டாக இருந்தால் மார்ச் 3. இந்த யூனிட் எப்படி எண்ணுகிறது என்பதற்கு இன்னொரு தாளில் சாட்சி இருந்தது: ‘பி.ஓ.டி. 2, 1/3’ என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆக அறுவை நாள் பூஜ்யம், பி.ஓ.டி. 5 என்றால் மார்ச் 4. அப்படியானால் 12.40 ஏ.எம். என்பது மார்ச் 4 அதிகாலை, காய்ச்சல் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னால் என்று ஆகிவிடும். அப்படியும் இல்லை. டூட்டி டாக்டரும் எங்களைப் போலத்தான், 4-ஆம் தேதி டூட்டிக்கு வந்தவர் விடியும்வரை ஐந்தாம் நாள் என்றே எழுதுகிறார். அவர் எழுதிய நோட்ஸிலேயே ‘102.4, கல்ச்சர் அனுப்பச் சொன்னேன்’ என்று இருப்பதால் அது மார்ச் 5-தான். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தட்டிச் சரியான விடை வந்திருக்கிறது. அதே ஆள் அதே கணக்கில் போட்ட மற்ற பி.ஓ.டி. வரிகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தன. வந்து சேர்ந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு வந்த வழியை எழுதாமல் விட்டால், இதை யார் எப்போது கண்டுபிடிப்பது?

இன்னும் ஒன்று, என்னை மிகவும் உறுத்தியது. பின்பக்க முதல் வரியில் நர்ஸ் எழுதியிருந்தது ‘1.10, சாம்பிள் லேபுக்கு அனுப்பியது’. லேப் ரசீதோ 01:05. அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து சேர்ந்துவிட்டது போல. கணினியில் பார்த்தேன். 1.10 என்பது 01:00 ஆகியிருந்தது. வரிசை தலைகீழாகத் தெரிந்ததால் ‘பொருத்தமாக’ மாற்றினேன் என்றார் பின்பக்கத்தைத் தட்டச்சு செய்த பையன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சுற்றறிக்கை அதைத்தானே சொல்கிறது. ஆனால் வார்டு கடிகாரமும் லேப் கடிகாரமும் வேறு வேறு. இரண்டுக்கும் ஐந்து, பத்து நிமிடம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்த வித்தியாசம் அன்று எவ்வளவு என்று இன்று யாராலும் அளக்க முடியாது. அதனால் இரண்டு கடிகாரங்களின் நேரத்தை ஒரே வரிசையில் வைக்கும்போது நிமிடக் கணக்கில் எது முந்தியது என்று வாதிட முடியாது. 1.10, 1.10-ஆகவே இருக்க வேண்டும். பக்கத்தில் ‘வேறு கடிகாரம்’ என்று ஒரு குறி போதும். நீதிமன்றத்தில் அசல் தாளையும் இந்த அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நேர்மையாக எழுதிய நர்ஸின் பதிவை நாம் திருத்தியதாகத்தான் தெரியும்.

தேதியே அல்லாதவை தேதியாக மாறிய கதையும் உண்டு. அந்தக் கேஸ் ஷீட்டில் ஜூலை 5 என்று ஒரு வரி இருந்தது, டிஸ்சார்ஜ் ஆகி ஏறக்குறைய நாலு மாதம் கழித்து. அசலில் டாக்டர் எழுதியது ‘ஆன்டிபயாடிக் 5/7’. வாரத்தின் ஏழு நாளில் ஐந்து, அதாவது ஐந்து நாளைக்குக் கொடு என்று பொருள். 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். பழைய டாக்டர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். 2/52-ஐ எந்தக் கணினியும் தேதி என்று எடுக்காது என்று நினைக்கவேண்டாம், சில மென்பொருள் அதை 1952 பிப்ரவரி ஆக்கிவிடும். அனுமதி நாளுக்கும் டிஸ்சார்ஜ் நாளுக்கும் வெளியே விழும் எந்தத் தேதியையும் அசலோடு ஒப்பிடாமல் ஏற்கக்கூடாது என்று ஒரு விதி வைத்தால் இவற்றில் பெரும்பாலானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். டிசம்பரில் வந்த நோயாளியின் 3/12, ஜூலையில் வந்தவரின் 5/7 போன்றவை மட்டும் தப்பிக்கும்.

எக்செல் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டு அறையின் இரண்டு கணினிகளில் ஒன்று மாதத்தை முன்னால் வைக்கும் அமைப்பில் இருக்கிறது. அதில் 4/3 என்று அடித்தால் ஏப்ரல் 3 ஆகிவிடும். 13/3 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். ஏறு வரிசையில் அடுக்கும்போது தேதியாக மாறியவை முதலில் வரும், எழுத்தாக நின்றவை எல்லாம் அடியில் போய் உட்காரும். கண்டுபிடிப்பது எளிது: அந்தப் பத்தியில் சில தேதி வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எல்லாமே 12-க்கு மேற்பட்ட நாட்களாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், வலப்பக்கம் நிற்பவை மாதமும் நாளும் மாறியவை. அடிப்பதற்கு முன் பத்தி முழுவதையும் ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிட்டால் இந்த வம்பு வராது. அதைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு மாற்றாக நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சக ஊழியர் ஒருவரும் நானும் அந்தக் கேஸ் ஷீட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தோம். கையால் நேரம் எழுதிய பதிவுகள் 64. ஒவ்வொன்றுக்கும் தாள் எண், பக்கம், வரி எண் போட்டோம். வரிசைப்படுத்தும் முன் இதைச் செய்தாக வேண்டும். ஒரு தாளில் எந்த வரிக்குக் கீழே எந்த வரி என்பதே பெரிய சாட்சி, அடுக்கிய பிறகு அது தொலைந்துவிடும். பிறகு எழுதியதை எழுதியபடியே ஒரு பத்தியில். அதன் பக்கத்தில் ஆண்டு-மாதம்-நாள், 24 மணி நேரம் என்ற ஒரே முறையில் இரண்டு கட்டங்கள்: முன் எல்லை, பின் எல்லை. நேரம் உறுதியானால் இரண்டிலும் ஒரே எண். உறுதியில்லாவிட்டால் அது எந்த நேரத்துக்கு முன்னால் இருக்கமுடியாது, எதற்குப் பின்னால் இருக்கமுடியாது என்பது. கடைசியில் ஒரே எழுத்தில் ஒரு குறி. தேதி, நேரம், காலையா மாலையா எல்லாம் அந்த வரியிலேயே முழுமையாக இருந்தால் ‘மு’. பக்கத் தலைப்பையும் முன்பின் வரிகளையும் வைத்து நிரப்பியது ‘ப’. லேப் ரசீது போன்ற வெளி ஆதாரத்தால் உறுதியானது ‘ஆ’. தீராத ஐயம் ‘ஐ’.

64-ல் மு 22, ப 31, ஆ 8, ஐ 3. இருவருக்கும் சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஆனது. இருவரும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் பிறகுதான் ஒப்பிட்டோம். சேர்ந்து உட்கார்ந்து படித்தால் ஒருவர் சொன்னதுதான் மற்றவர் கண்ணுக்கும் தெரியும்.

அந்த மூன்று ‘ஐ’-யில் ஒன்றைக் காட்டுகிறேன்.

```
இடம்        : தாள் 7, பின்பக்கம், ஓரம்
எழுதியபடி   : 8 – டிரஸ்ஸிங் நனைந்தது, மாற்றியது
முன் எல்லை  : 2024-03-04 20:00
பின் எல்லை  : 2024-03-05 08:00
குறி        : ஐ
காரணம்     : காலை/மாலை இல்லை; ஓரத்தில், வேறு மையில்
```

இரவு 8-ஆ, மறுநாள் காலை 8-ஆ? இரண்டே வாய்ப்பு. நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரமும் அல்ல, இரண்டு முனைகளில் ஒன்று. மை வேறு என்பதால் பின்னால் சேர்த்ததாக இருக்கலாம், கையெழுத்து இரண்டு டூட்டிக்காரர்களில் யாருடையதாகவும் இருக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. இரவு 8 என்றால் காய்ச்சலுக்கு நாலு மணி நேரம் முன்பே காயத்தில் கசிவு இருந்திருக்கிறது. காலை 8 என்றால் இல்லை. உங்கள் சுற்றறிக்கைப்படி இதில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்த மறுநிமிடமே அது மற்ற 63 வரிகளைப் போலவே உறுதியானதாகத் தெரியும். படிக்கும் மருத்துவருக்கோ விசாரணை அதிகாரிக்கோ அது என் யூகம் என்று எந்த வழியிலும் தெரியாது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

ஒரு கேஸ் ஷீட்டுக்கு மூன்றரை மணி நேரம் என்றால் எல்லாவற்றையும் எப்போது முடிப்பது என்ற உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாவற்றையும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஐயத்தைத் தீர்க்கத்தான் நேரம் பிடிக்கிறது, குறிக்க நேரம் பிடிப்பதில்லை. முதல் சுற்றில் தட்டச்சு செய்பவர் எழுதியபடி அடித்து, மு அல்லது ஐ என்று மட்டும் போட்டுக்கொண்டே போகட்டும். கேள்வி வரும் கேஸ் ஷீட்டுக்கு மட்டும் தாளை எடுத்து ‘ஐ’-க்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம். சொல்லப்போனால், எதைப் போடுவது என்று யோசித்து நிற்கும் நேரம் மிச்சமாகும்.

ஆகவே, குழுவிடம் நான் கேட்பது இவை. ‘எழுதியபடி’ பத்தியை நீக்கும் உத்தரவை இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு சரிசெய்யலாம், அது போனால் திரும்பாது. தேதி, நேரம் கட்டங்களுக்கு முன் எல்லை, பின் எல்லை என்று இரண்டிரண்டு இடம் கொடுங்கள், குறிக்கு ஒரு கட்டமும் காரணத்துக்கு ஒரு வரியும் சேருங்கள், ‘ஐ’ போட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். நடந்த நேரத்தையும் எழுதிய நேரத்தையும் தனித்தனியாக வையுங்கள். காலை 7.30-க்கு உட்கார்ந்து இரவு நடந்ததை எழுதும் டாக்டருக்கு இரண்டு நேரமும் உண்டு. இரண்டு கணினியின் தேதி அமைப்பையும் ஒன்றாக்குங்கள். இதுவரை ஏற்றியவற்றில் நைட் டூட்டித் தாள்களையும் பி.ஓ.டி. வரிகளையும் மட்டுமாவது அசலோடு ஒப்பிட ஆள் போடுங்கள். அந்த வேலைக்கு நான் வருகிறேன். இனி எழுதப்போகும் தாள்களுக்கு, ஒவ்வொரு வரியிலும் தேதி, 24 மணி நேரம், மாதம் எழுத்தில் என்று வார்டுகளுக்குச் சொல்லுங்கள். நள்ளிரவு 12 என்று எழுதுவதை விட்டு 23:59 அல்லது 00:01 என்று எழுதச் சொல்லுங்கள், அது எந்த நாளின் 12 என்ற சண்டை வராது.

கடைசியாக, அந்த மெமோ. அது என் சக நர்ஸின் பணிக்கோப்பில் இன்னும் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற்று, 25 நிமிடம் என்பதை அதே கோப்பில் எழுத்தில் பதியுங்கள். பதிந்த தேதியையும் நேரத்தையும் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பதிவேட்டு அறையிலிருந்து ஒரு வார்டு நர்ஸ்